லேபிள் போட்டோ வந்தா என்ன பதில் அனுப்பணும்? ஸ்டெப் ஸ்டெப்பா பார்ப்போம்

சுங்கை சிப்புட்ல டோபி கடை வச்சிருக்கிறதால சொந்தக்காரங்க, பழைய லயத்து ஆளுங்க, கஸ்டமர் எல்லாரும் எனக்கு ஒரே மாதிரி போட்டோதான் அனுப்புவாங்க. கழுத்துக்குப் பின்னாடியோ இடுப்போரத் தையல்லயோ இருக்கிற, எப்படி தொவைக்கணும்னு படம் போட்ட அந்த வெள்ள லேபிள் துண்ட போன்ல புடிச்சு அனுப்பிட்டு கீழ ரெண்டு கேள்விக்குறி, அவ்ளோதான். தீபாவளி நெருங்கிட்டா இது இன்னும் ஜாஸ்தி. அஞ்சு படத்துக்கும் வரிசையா அர்த்தம் டைப் பண்ணி அனுப்புனா யாரும் படிக்க மாட்டாங்க, ஏன்னா அவங்க கேக்க வந்தது அது இல்ல. "மெஷின்ல போடலாமா, டவுன் டோபில காய வைக்கலாமா, அயர்ன் பண்ணா பொசுங்குமா", இதுல ஏதோ ஒண்ணுதான் மனசுல இருக்கும். அத எப்படி கண்டுபிடிச்சு பதில் சொல்றதுன்னு என் அண்ணன் மக அனுப்புன ஒரு போட்டோவ வச்சே காட்டுறேன்.

அவ தோட்டத்துல இருக்கா. வீட்ல மேல திறக்கிற மெஷின் இருக்கு, டிரையர் கெடையாது. சாயங்காலமானா மழ புடிச்சிக்கிற மாசத்துல மூட்டையக் கட்டிக்கிட்டு டவுன்ல இருக்கிற லாயான் டிரி டோபிக்கு வந்துருவா. அனுப்புன போட்டோ புதுசா வாங்குன பஞ்சாபி சூட்டோட மேல்சட்டை லேபிள், கீழ "அத்த??" மட்டும்.

ஸ்டெப் 1: போட்டோ முழுசா இருக்கான்னு பாருங்க

லேபிள் மடிஞ்சிருந்தா படத்துக்குக் கீழ இருக்கிற கோடு மறைஞ்சிரும், அந்தக் கோட்டுலதான் பாதி விஷயம் இருக்கு. அவ அனுப்புனதுல தொட்டி படமும் உள்ள 30ன்னு எழுதுனதும் தெளிவா இருந்துச்சு, ஆனா தொட்டியோட அடி தையலுக்குள்ள போயிருந்துச்சு. "லேபிள விரல்ல நல்லா இழுத்துப் புடிச்சு ஜன்னல் வெளிச்சத்துல இன்னொண்ணு எடும்மா, பின்பக்கமும் சேத்து அனுப்பு"ன்னு சொன்னேன். ரெண்டாவது போட்டோல பாத்தா தொட்டிக்குக் கீழ ரெண்டு கோடு. பின்பக்கத்துல விஸ்கோஸ் 100%ன்னு இருந்துச்சு. இந்த ரெண்டும் தெரியாம பதில் சொல்லிருந்தா பதிலே வேற மாதிரி போயிருக்கும்.

ஸ்டெப் 2: படத்துக்கு முன்னாடி துணி என்னன்னு படிங்க

விஸ்கோஸ்னா நம்ம ஆளுங்க ரேயான்னு சொல்ற அதே குடும்பம்தான். மரக்கூழ்ல இருந்து எடுக்கிற நூலு. தொட்டா பட்டு மாதிரி வழுவழுன்னு விழும், வெயிலுக்கு ஜில்லுன்னு இருக்கும், அதனாலதான் இங்க பஞ்சாபி சூட்டு, குர்த்தா, பாஜு கூரோங் எல்லாத்துலயும் இது கலந்திருக்கு. கெட்ட குணம் என்னன்னா தண்ணி பட்டா நூல் உப்பி பலம் கொறஞ்சி போயிரும். நெய்யும்போதும் சாயம் போடும்போதும் இழுத்து வச்ச துணி, நனைஞ்சதும் அந்த இழுப்ப விட்டுட்டு சுருங்கப் பாக்கும். ஈரத்துல அடிச்சுத் தொவச்சாலோ முறுக்கிப் புழிஞ்சாலோ தையலோரம் விட்டுரும். இது மனசுல இருந்துச்சுன்னா மத்த படமெல்லாம் ஏன் அப்படி போட்டிருக்குன்னு தானா புரியும்.

ஸ்டெப் 3: தொட்டி

தொட்டின்னா தண்ணில தொவைக்கிறது. உள்ள இருக்கிற நம்பர் டிகிரி செல்சியஸ். 30ன்னா தண்ணி சூடு அதுக்கு மேல போகக்கூடாதுன்னு அர்த்தம், 30க்கு சூடு பண்ணணும்னு இல்ல. நம்ம ஊர் பைப் தண்ணியே கிட்டத்தட்ட அந்த அளவுலதான் வரும், அதனால வீட்ல சூடு பட்டன் பக்கமே போக வேணாம். டவுன் டோபி மெஷின்ல பச்சத்தண்ணி, வெதுவெது, சுடுதண்ணின்னு மூணு இருந்தா பச்சத்தண்ணி மட்டும் அமுக்கணும்.

கீழ கோடு இல்லாட்டி சாதா ஓட்டம், ஒரு கோடுன்னா மெதுவா, ரெண்டு கோடுன்னா ரொம்ப மெதுவா. அவ மெஷின்ல டெலிகேட்னு ஒரு பட்டன் இருக்கு, அதுதான் இதுக்கு. டிரம்ம நிரப்பாம மூணுல ஒரு பங்கு துணி மட்டும் போட்டு, சட்டைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, வலைப்பைக்குள்ள போட்டு, ஸ்பின்ன இருக்கிறதுலயே கம்மியா வைக்கணும். தோட்ட வேலைக்குப் போற பேண்ட் சட்டையோட சேத்துப் போடவே கூடாது, மண்ணு ஒரு பக்கம், ஜிப்பு ஒரு பக்கம், ரெண்டும் ஈர விஸ்கோஸ உரசி நூல் எழுப்பி விட்டுரும். தொட்டிக்குள்ள கை வரைஞ்சிருந்தா கையாலதான் தொவைக்கணும். தொட்டி மேலயே பெருக்கல் அடிச்சிருந்தா தண்ணிலயே போடாதீங்க.

ஸ்டெப் 4: சதுரம், இங்கதான் கவனம்

சதுரம்னா காய வைக்கிறது. சதுரத்துக்குள்ள வட்டம் இருந்தா அது டிரையர். வட்டத்துக்குள்ள ஒரு புள்ளி கம்மி சூடு, ரெண்டு புள்ளி சாதா சூடு. அவ லேபிள்ல இந்தச் சதுர வட்டத்துக்கு மேல பெருசா பெருக்கல். நெறைய பேரு இத "டிரை கிளீன் பண்ணக்கூடாது"ன்னு படிச்சிட்டு டிரையர்ல போட்டுருவாங்க. டிரை கிளீனுக்கு சதுரம் இல்லாத தனி வட்டம், இது வேற அது வேற.

அவ கேட்ட அந்த ரெண்டு கேள்விக்குறிக்கு உண்மையான பதில் இந்தப் படத்துலதான் இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும். மழ, வீட்ல டிரையர் இல்ல, சனிக்கிழமை மூட்டையோட டவுனுக்கு வர்றவ இத மட்டும் தனியா எடுத்து வைக்க மாட்டா. லாயான் டிரி டோபி டிரையர் பெரும்பாலும் கேஸ்ல ஓடுறது, வீட்டு டிரையர விட வேகமா சூடேறும். கம்மி சூட்டுல வைக்கிறேனேன்னு கேப்பாங்க. வேணாம். பெருக்கல் போட்டிருந்தா கம்மி சூடும் சேத்துதான் வேணாம்னு அர்த்தம், ஏன்னா சூடு மட்டும் இல்ல, ஈரத்தோட உருட்டி உருட்டி அடிக்கிறதும் சுருக்கும். 110 சென்டிமீட்டர் நீளச் சட்டை 5 சதவீதம் சுருங்குனாலே 5.5 சென்டிமீட்டர் போச்சு, முட்டிய மூடிக்கிட்டு இருந்தது முட்டிக்கு மேல ஏறிக்கும், கையும் சேந்து ஏறும். அதனால புதுத் துணிய மொத தடவ தொவைக்க முன்னாடி தோள்ல இருந்து அடி ஓரம் வரைக்கும் டேப்பு வச்சு அளந்து எழுதி வச்சிக்கோங்க. காஞ்சப்புறம் மறுபடி அளந்தா சுருங்கிருக்கா இல்ல நம்ம கண்ணுக்குத் தோணுதான்னு சண்ட இல்லாம தெரியும்.

பக்கத்துலயே இன்னொரு சதுரம், உள்ள நேரா நின்ன ஒரு கோடு, இடது மேல்மூலையில சாய்ஞ்ச கோடு. நின்ன கோடுன்னா கொடில தொங்க விடலாம். ரெண்டு நின்ன கோடா இருந்தா ஸ்பின் போடாம சொட்டச் சொட்டத் தொங்க விடணும். படுத்த கோடுன்னா தட்டையா விரிச்சுப் போடணும், அது கம்பளிச் சட்டைக்கு வர்றது, இங்க நமக்கு அவ்வளவா தேவப்படாது. மூலைக்கோடு நிழலுக்கு, வெயில்ல போட்டா சாயம் வெளுத்துரும். போர்ச்சுல அகலமான ஹேங்கர்ல மாட்டி பக்கத்துல ஃபேன் ஒண்ணு வச்சா மழ நாள்லயும் காஞ்சிரும், மெல்லிசு துணிதான.

ஸ்டெப் 5: மிச்சத்த வேகமா பாத்துருங்க

முக்கோணம் பிளீச்சுக்கு. அதுல பெருக்கல் இருந்துச்சு, அதனால கறைக்கு குளோரின் தண்ணி ஊத்தக் கூடாது. முக்கோணத்துக்குள்ள ரெண்டு சாய்ஞ்ச கோடு இருந்தா மட்டும் குளோரின் இல்லாத ஆக்சிஜன் பவுடர் ஓகே. அயர்ன் படத்துல ஒரு புள்ளி, கம்மி சூடு, சுமார் 110 டிகிரி. உள்பக்கமா திருப்பி, லேசா ஈரம் இருக்கும்போதே பண்ணா பளபளப்புத் தடம் விழாது.

கடைசில வட்டத்துக்குள்ள பி எழுத்து. இத பாத்துட்டுத்தான் பாதிப் பேரு பயந்து போய் கடைக்குத் தூக்கிட்டு வர்றாங்க (எனக்கு வியாபாரம்தான், ஆனா தேவையில்லாத காசு). அந்த வட்டம் எங்கள மாதிரி கடைக்காரனுக்கு எந்தத் திரவம் போடலாம்னு சொல்றது. தொட்டில நம்பரும் இருந்து வட்டத்துல எழுத்தும் இருந்தா வீட்லயும் தொவைக்கலாம், கடைலயும் குடுக்கலாம்னு அர்த்தம். தொட்டில பெருக்கல் இருந்து வட்டத்துல எழுத்து இருந்தாத்தான் கடைக்கு மட்டும்.

பாசார் மாலாம்ல பண்டல் துணி வாங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அதுல ஜப்பான்ல இருந்து வந்த பழைய சட்டையும் இருக்கும், படம் வேற மாதிரி இருக்கும், தொட்டிக்குப் பதிலா வாஷிங் மெஷின் பொம்மை, அதுக்குள்ள நம்பர். ஜப்பான் 2016 டிசம்பர்லதான் மத்த ஊரு படத்தோட சேந்துச்சு, அதுக்கு முன்னாடி தச்சதுக்கு மேல சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. நம்பர் மட்டும் அதே டிகிரிதான்.

ஸ்டெப் 6: பதில சின்னதா எழுதுங்க

ஆபத்தானத முதல்ல எழுதணும், ஏன்னா நோட்டிபிகேஷன்ல மொத வரி மட்டும் பாத்துட்டுப் போறவங்க உண்டு. நான் அவளுக்கு அனுப்புனது:

"டவுன் டோபி டிரையர்ல இத மட்டும் போட்றாதம்மா, சுருங்கிரும். வீட்டு மெஷின்ல டெலிகேட், பச்சத்தண்ணி, வலைப்பைல தனியா. போர்ச்சுல ஹேங்கர்ல மாட்டு, வெயில் வேணாம். அயர்ன் கம்மி சூடு, உள்பக்கமா. டிரை கிளீன் தேவையில்ல. மொத தடவ தனியா தொவ, சாயம் போகுதான்னு பாப்போம்."

சாயத்த முன்கூட்டியே பாக்கணும்னா உள்தையல ஓரமா நனைச்சு வெள்ளத் துணியால அமுக்கிப் பாருங்க, கலர் ஒட்டுனா மொத ரெண்டு மூணு தடவ வேற எதோடயும் சேக்காதீங்க.

ஏற்கனவே டிரையர்ல போட்டுட்டு அப்புறமா போட்டோ அனுப்புறவங்களும் உண்டு. விஸ்கோஸ்னா கொஞ்சம் திருப்பி எடுக்கலாம். பச்சத்தண்ணில முழுசா நனைச்சு, புழியாம டவல்ல சுருட்டி அமுக்கித் தண்ணிய எடுத்துட்டு, மேசைல விரிச்சு, எழுதி வச்ச அளவுக்கு ரெண்டு பக்கமும் உள்ளங்கையால மெதுவா இழுத்து விடுங்க, ஈரமா இருக்கும்போதே கம்மி சூட்டுல அயர்ன் பண்ணிக்கிட்டே இழுங்க. பலம் கொறைஞ்ச நூலுங்கிறதால விரல் நுனியால ஒரே எடத்துல புடிச்சு இழுக்காதீங்க. முழுசா பழைய அளவுக்கு வராது, பாதி வந்தாலே பெருசு. உள்ள லைனிங் வேற துணில இருந்து அது சுருங்காம வெளித்துணி மட்டும் சுருங்கிருந்தா இழுத்துப் பிரயோஜனமில்ல, அடி ஓரத் தையலப் பிரிச்சு மடிப்ப எறக்கி விடச் சொல்லி தையக்காரக்கா கிட்ட குடுத்துருங்க.