பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் கணக்கு பூட்டிக்கொள்கிறதா? நான் மீண்ட கதையும் வழியும்

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து போனைப் பார்த்தால் இரவு இரண்டு மணிக்கு மேல் வந்த மூன்று செய்திகள். ஒரு கடைத்தளத்திலிருந்து, "புதிய கருவியில் உள்நுழைந்துள்ளீர்கள்." இன்னொரு தளத்திலிருந்து நான் கேட்காத ஓ.டி.பி. மூன்றாவது, பலமுறை தவறான பாஸ்வேர்டு கொடுத்ததால் நெட்பேங்கிங் முடக்கப்பட்டது என்று வங்கியிலிருந்து. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

காரணம் எனக்கே தெரியும். பல வருடங்களுக்கு முன் ஒரு புகைப்படக் குழுவில் சேர்ந்தபோது போட்ட பாஸ்வேர்டைத்தான் பாதித் தளங்களில் வைத்திருந்தேன். அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியல் எப்போதோ கசிந்திருக்கிறது. இப்படிக் கசிந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பெரிய மூட்டைகளாக ஆக்கிவிடுகிறார்கள். 2019 ஜனவரியில் வெளிவந்த 'Collection #1' என்ற மூட்டையில் மட்டும் 77 கோடிக்கு மேல் மின்னஞ்சல் முகவரிகள். இதிலிருக்கும் மின்னஞ்சல், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒரு நிரல் வரிசையாக எடுத்து மற்ற தளங்களில் போட்டுப் பார்க்கும். உங்கள் மேல் யாருக்கும் தனிப் பகை கிடையாது. பட்டியலில் உங்கள் வரி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

படி 1: செய்தியைப் படியுங்கள், எதையும் அழுத்தாதீர்கள்

மூன்று செய்திகளும் ஒன்றல்ல. "புதிய கருவி" என்றால் பாஸ்வேர்டு பொருந்திவிட்டது, உள்ளே வந்துவிட்டார்கள். பாஸ்வேர்டுக்குப் பிறகு ஓ.டி.பி. கேட்கும் தளம் என்றால், முதல் கதவு திறந்து இரண்டாவதில் நிற்கிறார்கள். (ஓ.டி.பி. மட்டுமே கேட்கும் தளத்துக்கு இது பொருந்தாது. அங்கே யாராவது உங்கள் எண்ணை அடித்தாலே வரும்.) "பூட்டப்பட்டது" என்பதுதான் கேட்க பயங்கரமாக இருக்கும், ஆனால் மூன்றில் அதுதான் பெரும்பாலும் நல்ல செய்தி. வங்கியில் நான் அதே பாஸ்வேர்டின் கடைசியில் ஒரு எண் கூடச் சேர்த்திருந்தேன். அதனால் அவர்கள் போட்டது பொருந்தவில்லை, பூட்டு விழுந்தது. சும்மா ஒரு எண் சேர்ப்பது பாதுகாப்பு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசியில் 1, @, 123 எல்லாம் சேர்த்துப் பார்க்கும் நிரல்களும் உண்டு.

செய்தியில் வரும் இணைப்பை அழுத்தாமல், தளத்தின் முகவரியை நீங்களே அடித்துப் போங்கள். இதே மாதிரி போலி எச்சரிக்கை அனுப்புவதும் ஒரு தொழிலாக நடக்கிறது.

படி 2: முதலில் மின்னஞ்சல்

பதற்றத்தில் நான் வங்கிக்குத்தான் ஓடினேன். தப்பு. கடைத்தளம் முதல் பேஸ்புக் வரை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றால் மீட்பு இணைப்பு வருவது மின்னஞ்சலுக்குத்தான். அது அவர்கள் கையில் இருந்தால் மற்றதையெல்லாம் மாற்றியும் பயனில்லை. வங்கிக் கணக்கு பூட்டியிருக்கிறதே, அது கொஞ்சம் காத்திருக்கும். பணமே போயிருந்தால் மட்டும் வரிசை மாறும்: இந்தியாவில் உடனே 1930-ஐ அழையுங்கள், வங்கியிலும் சொல்லுங்கள், பிறகு மற்றது.

மின்னஞ்சலில் புதுப் பாஸ்வேர்டு போட்டு, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். இதெல்லாம் தெரிந்ததுதான். பலரும் விடுவது வடிகட்டிகளை. ஜிமெயில் என்றால் அமைப்புகளில் 'Filters and Blocked Addresses', 'Forwarding and POP/IMAP' இரண்டையும் திறந்து பாருங்கள். உள்ளே வந்தவர், வங்கி அஞ்சல் வந்தால் நேராகக் குப்பைக்குப் போகட்டும் என்று ஒரு விதி எழுதிவைத்திருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அழியாது.

படி 3: நான் மாட்டிக்கொண்ட இடம்

என் முக்கிய மின்னஞ்சல் ஜிமெயில் இல்லை, சொந்த டொமைனில் ஓடுவது. பாஸ்வேர்டை மாற்றினேன். கால் மணி நேரத்தில் கணக்கு பூட்டிக்கொண்டது. அரை மணி காத்திருந்து திறந்தேன், மறுபடி பூட்டு. திருடன் விடவே இல்லை என்று நினைத்து மூன்று முறை பாஸ்வேர்டை மாற்றினேன். கடைசியில் சேவை நிறுவனத்தில் பேசியபோது, தவறான முயற்சிகள் எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வருகின்றன என்று கேட்டேன். சொன்னார்கள். என் வீட்டு வைஃபை.

திருடன் யார் என்றால், அலமாரியில் பையன் கார்ட்டூன் பார்க்கும் பழைய டேப்லெட். அதிலிருந்த அஞ்சல் செயலி சில நிமிடங்களுக்கு ஒருமுறை பழைய பாஸ்வேர்டைப் போட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்து தவறானால் பூட்டு என்பது அங்கே விதி. மாற்ற மாற்ற, தவறு கூடிக்கொண்டே போனது.

இப்படி நடந்தால் செய்ய வேண்டியது: வீட்டிலிருக்கும் எல்லாக் கருவிகளையும் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். பூட்டு தானாகத் திறக்கும்வரை நீங்களும் முயலாதீர்கள். சில இடங்களில் ஒவ்வொரு முயற்சியும் காத்திருப்பு நேரத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். பிறகு ஒரே ஒரு கணினியில் உள்ளே போங்கள். அங்கே மறுபடி பூட்டு விழவில்லை என்றால், ஒவ்வொரு கருவியாக நெட்டை இயக்கி, பழைய பாஸ்வேர்டை அழித்துப் புதியதைக் கொடுங்கள். பிரவுசர் சேமித்துவைத்ததையும் திருத்துங்கள், இல்லாவிட்டால் அது பழையதையே நிரப்பித் தரும்.

படி 4: மற்ற தளங்கள்

haveibeenpwned.com தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தால், எந்தெந்தக் கசிவில் அது வந்திருக்கிறது என்று காட்டும். ஆஸ்திரேலியரான ட்ராய் ஹண்ட் 2013-இல் தொடங்கியது. அதை வைத்து வங்கி, பணம் சேர்த்துவைத்த தளங்கள், சமூக ஊடகம் என்ற வரிசையில் மாற்றினேன். ஒரே நாளில் எல்லாம் முடிக்க வேண்டியதில்லை. எனக்கு இரண்டு வாரம் ஆனது.

பாஸ்வேர்டுகளை வைக்க நான் பயன்படுத்துவது பிட்வார்டன் என்ற செயலி. இலவசக் கணக்கே போதும். கீபாஸ்எக்ஸ்சி-யும் நல்லதுதான், ஆனால் பாஸ்வேர்டுகள் இருக்கும் கோப்பைப் போனுக்கும் கணினிக்கும் நாமே கொண்டுபோக வேண்டும், எனக்குப் பொறுமை இல்லை. அம்மாவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். பீரோவுக்குள் இருக்கும் நோட்டை எந்த நிரலும் படிக்காது.

பிற்சேர்க்கை: haveibeenpwned தளத்தில் பாஸ்வேர்டையே சோதிக்கும் பக்கம் உண்டு, அங்கே அடித்தால் நாமே கொடுத்தது போலாகாதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி. உங்கள் பிரவுசரே அதை SHA-1 என்ற குறியீடாக மாற்றிவிடும். உதாரணமாக `password` என்ற சொல் இப்படி ஆகும்:

```
5BAA61E4C9B93F3F0682250B6CF8331B7EE68FD8
```

இதில் `5BAA6` என்ற முதல் ஐந்து எழுத்து மட்டும்தான் தளத்துக்குப் போகும். கசிந்த பாஸ்வேர்டுகளில் அப்படித் தொடங்கும் எல்லாக் குறியீடுகளையும் தளம் திருப்பித் தரும், மீதி ஒப்பீடு உங்கள் கணினியிலேயே நடக்கும்.

இன்னொன்று: படி 3-ஐ அப்படியே செய்தும் மறுபடி பூட்டுகிறது என்று ஒருவர் எழுதினார். அவர் வீட்டில் போன், டேப்லெட் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஸ்கேன் செய்ததை அஞ்சலில் அனுப்பும் பிரிண்டருக்குள் பழைய பாஸ்வேர்டு உட்கார்ந்திருந்தது.