ஒன்ராறியோவில் வாடகைக் கணக்கு: முதல் மாதப் பற்றுச்சீட்டிலிருந்து கடைசி மாத வைப்புப் பணம் வரை

ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்து வீடு எடுப்பவர்களிடம் பெரும்பாலும் முதல் நாளே இரண்டு மாத வாடகை கேட்கப்படும். அதில் ஒன்று குடிபுகும் மாதத்துக்கானது; மற்றையது, நீங்கள் எப்போது வெளியேறினாலும், அந்தக் கடைசி மாதத்துக்கானது. இந்த இரண்டாவது தொகையை நம்மவர்கள் பலர் ஊர் வழக்கப்படி "அட்வான்ஸ்" என்று சொல்வதால், வீடு பழுதானால் அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரும் நினைக்கிறார், குடியிருப்பவரும் நினைக்கிறார். 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்த வைப்புத் தொகை ஒரு மாத வாடகையைத் தாண்டக்கூடாது. கடைசி மாத வாடகையாக வரவு வைப்பதைத் தவிர வேறெதற்கும் அதைப் பயன்படுத்தவும் கூடாது. சுவர்ப் பூச்சு, துப்புரவு, உடைந்த கதவு என்று எதன் பெயரிலும் அதில் கை வைக்க முடியாது. உங்கள் வாடகைக் கணக்கை எப்படி எழுதவேண்டும் என்பது இந்த ஒரு விதியிலிருந்துதான் தொடங்குகிறது.

அதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு உரிமையாளருடனோ அவருடைய நெருங்கிய குடும்பத்தினருடனோ சமையலறையை அல்லது குளியலறையைப் பகிர்ந்து கொள்ளவேண்டிய அறையில் நீங்கள் இருந்தால் இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. ஸ்காபரோவில் தனியாக வருபவர்கள் பலர் முதலில் தங்குவது அப்படியான அறைகளில்தான். அங்கே எழுத்திலுள்ள உடன்பாடு மட்டுமே உங்களுக்குத் துணை என்பதால், கணக்கும் பற்றுச்சீட்டும் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். தனிச் சமையலறையும் குளியலறையும் உள்ள பேஸ்மென்ட், அடுக்குமாடி வீடு, முழு வீடு ஆகியவற்றில் இருப்பவர்களுக்குக் கீழே சொல்பவை அனைத்தும் பொருந்தும்.

கணக்கை ஒரு கொப்பியில் எழுதினாலும் கணினியில் எழுதினாலும், ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் ஐந்து விடயங்கள் இருக்கவேண்டும்: எந்த மாதத்துக்கான வாடகை, எவ்வளவு, எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது, எந்தத் திகதியில் வீட்டுக்காரர் கையில் சேர்ந்தது, எதற்காகக் கொடுக்கப்பட்டது. அனுப்பிய நாளையும் சேர்ந்த நாளையும் தனித்தனியே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மின்னஞ்சல் வழியாக அனுப்பும் இ-ட்ரான்ஸ்ஃபரை எதிர்த்தரப்பினர் தானாக வைப்பாகும்படி அமைத்திருக்காவிட்டால், அவர் அதைத் திறந்து ஏற்றுக்கொள்ளும் வரை பணம் அங்கே போய்ச் சேராது. முதலாம் திகதி காலை அனுப்பிய வாடகையை அவர் நான்காம் திகதி ஏற்றுக்கொண்டுவிட்டு, "நாலாம் திகதிதான் தந்தாய்" என்று சொன்னால், உங்களிடம் இருக்கவேண்டியது முதலாம் திகதி வந்த உறுதிப்படுத்தல் மின்னஞ்சல். அதை அழிக்காமல் வாடகை என்று பெயரிட்ட ஒரு கோப்புறைக்குள் போட்டு வையுங்கள். பணம் அனுப்பும்போது செய்திக்கான பெட்டியை வெறுமையாக விடாமல் "2024 மார்ச் வாடகை" என்றோ "2024 பெப்ரவரி மீதி" என்றோ எழுதுங்கள். பாதிப் பாதியாகக் கட்டுபவர்களுக்குப் பின்னால் வரும் குழப்பத்தில் பெரும்பங்கு இந்த ஒரு வரி இல்லாமையால் வருவதுதான்.

பணமாகக் கொடுப்பவர்கள் கொடுக்கிற இடத்திலேயே பற்றுச்சீட்டு வாங்கவேண்டும். நான் வந்த புதிதில் எட்டு மாதம் கடித உறையில் பணம் வைத்துக் கொடுத்தேன். தெரிந்தவர் என்பதால் சீட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அடுத்த வசந்தத்தில் வருமான வரிப் படிவத்தோடு ட்ரிலியம் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, கட்டிய வாடகையின் மொத்தத்தையும் வீட்டுக்காரரின் பெயரையும் எழுத வேண்டியிருந்தது. வரித் திணைக்களம் ஆதாரம் கேட்டால் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை. அந்தக் கூச்சம் தேவையற்றது என்பது பின்னர்தான் விளங்கியது. குடியிருப்பவர் கேட்டால் பற்றுச்சீட்டை இலவசமாகக் கொடுக்க உரிமையாளர் சட்டப்படி கடமைப்பட்டவர். நீங்கள் வெளியேறி 12 மாதங்கள் வரையும் கேட்கலாம். சீட்டில் வீட்டின் முகவரி, உங்கள் பெயர், தொகையும் திகதியும், எதற்கான பணம் என்பது, உரிமையாளரின் பெயர், அவரது அல்லது அவருடைய முகவரின் கையொப்பம் ஆகியவை இருக்கவேண்டும். கேட்கும் முறையும் எளிதுதான்: "அண்ணா, மார்ச் வாடகை 1,800 டொலர் இன்று தந்திருக்கிறேன். வரிக் கணக்குக்குத் தேவைப்படுவதால் பற்றுச்சீட்டு ஒன்று எழுதித் தாருங்கள்" என்று குறுஞ்செய்தியாக அனுப்பினால், அந்தச் செய்தியும் அவருடைய பதிலும்கூட ஆதாரமாகிவிடும்.

அடுத்தது தாமதக் கட்டணம். வாடகை பிந்தினால் 25 டொலர், 50 டொலர் என்று ஒப்பந்தத்தின் இறுதிப் பக்கத்தில் எழுதியிருப்பதையும் நீங்கள் அதில் கையெழுத்து வைத்திருப்பதையும் காட்டி வீட்டுக்காரர் பணம் கேட்கலாம். சட்டத்துக்கு முரணான நிபந்தனை கையெழுத்து இருந்தாலும் செல்லாது. ஒன்ராறியோவில் வாடகைக்குத் தாமதக் கட்டணம் வசூலிக்க முடியாது. காசோலை பணமின்றித் திரும்பினால் மட்டும் அவருடைய வங்கி அவரிடம் அறவிட்ட தொகையையும், அதற்கு மேல் நிர்வாகச் செலவாக 20 டொலருக்கு மிகாத தொகையையும் கேட்கலாம். இதனால் பிந்திக் கட்டுவதற்கு விளைவு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வாடகை கட்டாததற்கு அவர் N4 அறிவித்தல் கொடுக்கலாம். அதில் குறிப்பிட்ட நாளுக்குள் நிலுவையைக் கட்டிவிட்டால் அந்த அறிவித்தல் செல்லாமற் போகும். ஆனால் தொடர்ந்து பிந்துவதே வெளியேற்றக் கோருவதற்குத் தனிக் காரணமாகலாம். கட்டணம் இல்லாவிட்டாலும் திகதிகளைச் சரியாக எழுதவேண்டும் என்பது இதனால்தான்.

வைப்புத் தொகைக்குத் திரும்புவோம், ஏனெனில் வட்டி என்ற ஒன்று அங்கே இருப்பதே பலருக்குத் தெரியாது. உரிமையாளர் அந்த வைப்புக்கு ஆண்டுதோறும் வட்டி தரவேண்டும். வீதம், மாகாணம் அந்த ஆண்டு அறிவிக்கும் வாடகை உயர்வு வழிகாட்டி வீதமே: 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் 2.5 சதவீதம், 2026இல் 2.1 சதவீதம். வாடகை கூடினால், வைப்பும் புதிய வாடகைக்குச் சமமாக இருக்கும்படி மீதியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதை உங்களுக்குத் தரவேண்டிய வட்டியிலிருந்தே அவர் கழித்துக்கொள்ளலாம். வட்டியைத் தராமல் விட்டால், பின்னர் கட்டும் வாடகையிலிருந்து அத்தொகையை நீங்கள் கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு குடும்பம் 2023 செப்டம்பர் 1இல் மாதம் 1,800 டொலருக்குக் குடிபுகுந்து, முதல் மாத வாடகையும் கடைசி மாத வைப்புமாக 3,600 டொலர் கொடுக்கிறது. கணக்கின் முதல் இரண்டு வரிகள் இவையே. இரண்டையும் சேர்த்து ஒரே வரியாக எழுதக்கூடாது. 2024 பெப்ரவரியில் காசோலை ஒன்று திரும்புகிறது. வீட்டுக்காரரின் வங்கி அவரிடம் 7 டொலர் எடுக்கிறது. அவர் கேட்கக்கூடிய உச்சத் தொகை 27 டொலர். அது கட்டப்படாமல் கணக்கில் நிற்கிறது. வேறு மூன்று மாதங்களில் வாடகை சில நாட்கள் பிந்துகிறது. திகதிகள் உள்ளபடியே எழுதப்படுகின்றன.

2024 செப்டம்பர் 1இல் உரிய அறிவித்தலுடன் வாடகை 2.5 சதவீதம் கூடி 1,845 டொலராகிறது. வைப்பை நிரப்ப 45 டொலர் தேவை; முதல் ஆண்டு வட்டியும் 1,800இல் 2.5 சதவீதமான அதே 45 டொலர். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்பதால் யாரும் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்காரர் வட்டியைப் பற்றிப் பேசாமல் 45 டொலர் கேட்கிறார், குடும்பமும் அனுப்பிவிடுகிறது. இப்போது வைப்பு 1,845 டொலர், வரவேண்டிய வட்டி 45 டொலர். இந்த இரண்டாவது எண்ணைத்தான் பலர் எழுதுவதில்லை.

2025 ஓகஸ்ட் 31இல் வெளியேற முடிவு செய்து, வெளியேறுவதை வீட்டுக்காரருக்கு அறிவிக்கும் N9 படிவத்தை ஜூன் மாதத்திலேயே கொடுக்கிறார்கள். 60 நாள் முன்னறிவித்தல் வேண்டும், அது ஒரு வாடகைக் காலத்தின் கடைசி நாளில் முடியவும் வேண்டும். ஓகஸ்ட் வாடகையை வைப்பு ஈடுசெய்வதால், அவர்கள் கையால் கட்டும் இறுதி வாடகை ஜூலை மாதத்தினுடையது. எனவே நிலுவையிலுள்ள 45 டொலரைக் கழிக்க அதுவே கடைசிச் சந்தர்ப்பம். ஜூலைக்கு 1,800 டொலர் அனுப்பி, "2024 செப்டம்பரில் தரவேண்டிய வைப்பு வட்டி 45 டொலர் கழிக்கப்பட்டது" என்று காரணத்தை எழுத்தில் தெரிவிக்கிறார்கள்.

ஓகஸ்டில் வீட்டுக்காரர் ஒரு பட்டியல் அனுப்புகிறார்: மூன்று தடவை பிந்தியதற்கு 75 டொலர், திரும்பிய காசோலைக்கு 27, சுவருக்குப் பூச்சு அடிக்க 200, ஆக 302 டொலர், ஓகஸ்ட் வாடகையைக் கட்டுங்கள், வைப்பில் இதைக் கழித்து மிச்சத்தைத் தருகிறேன் என்கிறார். கணக்கு வைத்திருப்பவர் இதற்கு வரிக்கு வரி பதில் சொல்லலாம். வைப்பு 1,845 டொலர் ஓகஸ்ட் வாடகைக்குப் போய்விட்டது. கழிக்க அதில் மிச்சமில்லை. 75 டொலர் செல்லாது. 27 டொலர் சரியான கடன். 200 டொலரைப் பொறுத்தவரை, சாதாரணமாகப் புழங்கியதால் வந்த தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பல்ல. அதற்கு மேலான சேதம் என்று அவர் கருதினால், லான்ட்லோர்ட் அன்ட் ரெனன்ட் போர்ட் என்ற தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்து நிரூபிக்கவேண்டும். இரண்டாம் ஆண்டு வட்டி 1,845இல் 2.5 சதவீதம், அதாவது 46.13 டொலர். அதில் 27 போக, 19.13 டொலரை வீட்டுக்காரர்தான் தரவேண்டும்.

தாமதக் கட்டணத்தைத் தெரியாமல் ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் அதே தீர்ப்பாயத்தின் T1 படிவத்தின் மூலம் திரும்பக் கேட்கலாம்; ஆனால் பணம் வாங்கப்பட்டு ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். ஆகவே வெளியேறும் வரை காத்திராமல், ஒவ்வோர் ஆண்டும் குடிபுகுந்த அதே மாதத்தில் கணக்கை ஒரு தடவை முழுதாகப் பார்த்து, கட்டக்கூடாத எதையாவது கட்டியிருக்கிறோமா, வட்டி வந்ததா என்று சரிபாருங்கள்.

வெளியேறும் நாளில் வெறுமையான ஒவ்வோர் அறையையும் சுவர்களும் தரையும் தெரியும்படி படம் எடுத்து, குடிபுகுந்த நாளின் படங்களோடு ஒரே இடத்தில் வையுங்கள். திறப்புகளுக்கென்று தனியாகப் பணம் கொடுத்திருந்தால், திறப்புகளை ஒப்படைத்ததும் அது திரும்பி வரவேண்டும். எத்தனை திறப்புகள், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அப்போதே, அந்த ஆண்டில் கட்டிய வாடகை முழுவதற்குமாக ஒரே பற்றுச்சீட்டையும் கேட்டுவிடுங்கள். அதில் கடைசி மாதத்துக்கு எதிரே "வைப்பிலிருந்து" என்று எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.