பூனையின் இதயம் நின்றுவிட்டால்: அழுத்தமும் மருந்தும்

 

இதயம் நின்றுவிட்ட, நான்கு கிலோ எடையுள்ள பூனையைப் பக்கவாட்டில் கிடத்தி, முழங்கை மார்பைத் தொடும் இடத்துக்குப் பின்னால் ஒரு கையால் மார்பைச் சுற்றிப் பிடித்து, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அமுங்குமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுமையாக விரிய விடாவிட்டால் இதயத்தில் இரத்தம் நிரம்பாது. களைப்படைந்தவர் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான் என்பதால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும்.

மருத்துவர் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம், அதாவது இப்பூனைக்கு 0.04 மில்லிகிராம் அட்ரினலினை சிரைவழி செலுத்தி, 3 முதல் 5 நிமிட இடைவெளியில் மீண்டும் கொடுப்பார். ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் கொண்ட மருந்தை நீர்க்காமல் எடுத்தால் அது 0.04 மில்லிலிட்டர்தான், அவ்வளவு சிறிய அளவில் பிழை எளிது, பத்து மடங்கு நீர்த்தால் 0.4 மில்லிலிட்டராகும். இதயத்துடிப்பைக் கூட்டும் அட்ரோபினை ஒருமுறைக்கு மேல் தருவதை நாய், பூனைகளின் உயிர்மீட்புக்கான 2024 RECOVER வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை.

சிலவற்றுக்குத் துடிப்பு திரும்பினாலும், இதயம் நின்ற பூனைகளில் வீடு திரும்புபவை நூற்றில் பத்துக்கும் குறைவு. மயக்க மருந்தின்போது நின்ற இதயத்துக்கு மட்டும் வாய்ப்பு கணிசமாக அதிகம்.