டார்ட் ஷெல்: வெயிட் போட்டும் ஓரம் இறங்குது, நடுவு உப்புதுன்னா எங்க தப்பு?

முதல் தடவை நான் டார்ட் ஷெல்ல ஃபில்லிங் இல்லாம வெறுமனே, அதாவது பிளைண்ட் பேக் பண்ணப்போ ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைய நடுவுல கொட்டிட்டு, வெயிட் போட்டாச்சுன்னு நிம்மதியா ஓவன மூடிட்டேன். 25 நிமிஷம் கழிச்சு திறந்தா, இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்ன ஓரம் ஒன்றரைக்கு இறங்கியிருக்கு, அதுவும் ஒரு பக்கம் மட்டும். கடலை இருந்த இடம் பள்ளமா இருக்கு, அதச் சுத்தி மாவு வளையம் மாதிரி உப்பியிருக்கு. அதுல கஸ்டர்ட் ஊத்தினா இறங்கின பக்கமா வழிஞ்சிடும், ஊத்தவே முடியல.

ஷெல் சுருங்குறது வேற, உப்புறது வேற. வெளிய பார்க்க ரெண்டும் ஒரே கூத்தாத்தான் தெரியும், ஆனா காரணம் தனித்தனி. உப்புறதுக்குக் காரணம் ஆவி. மாவுலயும் வெண்ணெய்லயும் இருக்கிற தண்ணி சூட்டுல ஆவியாகி, டின்னுக்கும் மாவுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு மாவ மேல தூக்குது. சுருங்குறது குளூட்டன் வேலை. மைதாவ தண்ணி விட்டு பிசைஞ்சு உருட்டும்போது அது ரப்பர் மாதிரி இழுபடுது, சூடு பட்டதும் பழைய அளவுக்கே திரும்பப் பார்க்குது. அதோட வெண்ணெய் உருகி, மாவு இன்னும் வெந்து இறுகாம இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துல ஓரத்தப் பிடிச்சு நிறுத்த ஒண்ணுமே இல்ல, வழுக்கிக் கீழ இறங்கிடும்.

அதனால வெயிட்டுக்கு ரெண்டு வேலை: அடிய அமுக்கணும், ஓரத்த டின்னோட சேர்த்து வெளிப்பக்கமா தள்ளிப் பிடிக்கணும். நம்மள்ல பாதிப்பேர் முதல் வேலைக்கு மட்டும்தான் வெயிட் போடுறோம், நான் அதையும் ஒழுங்கா போடல, அது வேற விஷயம். டின்னோட விளிம்பு வரைக்கும் நிரப்பணும், அதுவும் ஓரத்துல கொஞ்சம் அதிகமா, நடுவுல கொஞ்சம் கம்மியா, விரலால ஓரத்துக்குத் தள்ளி மூலைல இறுக்கி வைக்கணும். 23 சென்டிமீட்டர் டின்னுக்கு காஞ்ச பீன்ஸோ கடலையோ கிட்டத்தட்ட முக்கால் கிலோ பிடிக்கும். சின்ன டப்பால விக்கிற பீங்கான் குண்டு வாங்கினவங்க ஒரு டப்பா போதும்னு நினைப்பாங்க, அது அடில ஒரு வரிசை பரவுறதோட சரி, ஓரத்துக்கு ஒண்ணுமே மிஞ்சாது. மிச்ச இடத்துக்கு அரிசிய கொட்டுங்க, அரிசி இடுக்குலயெல்லாம் போய் உக்காந்துக்கும். வெயிட்டா போட்ட பீன்ஸ அப்புறம் சமைக்க ஆகாது, சரியா வேகாது, தனி டப்பால வச்சு இதுக்குன்னே திரும்பத் திரும்ப யூஸ் பண்ணுங்க.

வெயிட்டுக்கு அடில போடுற பேப்பர்லயும் ஒரு சிக்கல் இருக்கு. பேக்கிங்குக்கான பார்ச்மென்ட் பேப்பர் விறைப்பா இருக்கும், அப்படியே வச்சா மூலைல ஒட்டி உக்காராம ஒரு வளைவா நிக்கும், அந்த வளைவுக்கும் மாவுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிலதான் மாவு உப்பும், வெயிட் எவ்வளவு போட்டாலும் அங்க போய்ச் சேராது. பேப்பர நல்லா கசக்கி உருட்டி திரும்ப விரிச்சுப் போட்டா துணி மாதிரி படியும். விளிம்புக்கு வெளிய நாலு பக்கமும் மூணு விரல் அளவாவது நீட்டிக்கிட்டு இருக்கணும், இல்லன்னா வெயிட்ட எடுக்கும்போது நாலு கடலை உள்ள உருண்டு மாவுல பதிஞ்சிடும். மெழுகு பூசின பேப்பர் மட்டும் வேண்டாம், சூட்டுல மெழுகு உருகி ஒட்டும், புகையும்.

இப்ப உண்மைய சொல்லணும்னா, சுருங்குறதுல முக்கால்வாசி ஓவனுக்குப் போறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது. விரிச்ச மாவு டின்னுக்கு கொஞ்சம் சின்னதா இருக்குன்னு மூலைல விரல விட்டு இழுத்து நீட்டுவோம் பாருங்க, அதுதான் தப்பு. இழுத்த அளவு அப்படியே திரும்ப வரும், எத்தன கிலோ வெயிட் போட்டாலும். டின்னு 23ன்னா மாவ 30 சென்டிமீட்டர் வட்டமா, 3 மில்லிமீட்டர் தடிமனா உருட்டுங்க. ஓரத்த ஒரு கையால தூக்கிப் பிடிச்சு, மாவு தன் கனத்துலயே தொங்கி மூலைக்குள்ள இறங்கணும், மறு கை சும்மா அத ஒட்ட வச்சா போதும். அப்புறம் ஃப்ரிட்ஜ்ல 30 நிமிஷம், அதுக்கு மேல ஃப்ரீசர்ல 15 நிமிஷம். ஃப்ரிட்ஜ்ல இருக்கிற நேரம் குளூட்டன் தளர்றதுக்கு, ஃப்ரீசர் வெண்ணெய கல்லு மாதிரி ஆக்குறதுக்கு. மாவ பிசைஞ்சதும் ரெஸ்ட் விட்டாச்சேன்னு இத விடாதீங்க, உருட்டும்போது அது மறுபடியும் முறுக்கேறியிருக்கும். (கண்ணாடி டிஷ்னா ஃப்ரீசர்ல இருந்து நேரா சூடான ஓவன்ல வைக்காதீங்க, வெடிச்சிடும். மெட்டல் டின்னுக்குத்தான் இது.)

விளிம்ப டின்னோட சமமா வெட்டிட்டா, கொஞ்சம் சுருங்கினாலே குட்டையாயிடும். நான் ஒரு சென்டிமீட்டர் வெளிய தொங்க விட்டுதான் பேக் பண்றேன், வெந்ததுக்கு அப்புறம் லேசா சூடு இருக்கும்போது கத்திய படுக்க வச்சு விளிம்போட சீவினா கச்சிதமா வந்துடும்.

பேக்கிங் 190 டிகிரில. இங்கதான் எல்லாரும் அவசரப்படுறது. 10 நிமிஷம் ஆச்சு, விளிம்பு லேசா நிறம் மாறுச்சுன்னு வெயிட்ட எடுத்தா உள்ள மாவு பச்சையா இருக்கும், பிடிமானம் போனதும் ஓரம் சரியும், அடி மூச்சு விட்ட மாதிரி எழும்பும். கடிகாரத்த விட மாவப் பாருங்க. 20 நிமிஷத்துக்கு மேல பேப்பரோட ஒரு மூலைய மெதுவா தூக்கிப் பாருங்க: அடி சாம்பல் நிறத்துல பளபளன்னு ஈரமா தெரிஞ்சா இன்னும் பச்சை, பேப்பர் கூடவே ஒட்டிக்கிட்டும் வரும், அப்ப மூடி வச்சு இன்னும் 5 நிமிஷம் விடுங்க. பேப்பர் சுலபமா பிரிஞ்சு வந்து, அடி மங்கலா, காஞ்ச மாதிரி தெரிஞ்சா எடுத்துடலாம். ரொம்ப ஆழமான டின்னுக்கு 30 நிமிஷம் கூட ஆகும்.

வெயிட்ட எடுத்ததோட வேலை முடியல, திரும்ப 8ல இருந்து 10 நிமிஷம், அடி பொன்னிறமாகுற வரைக்கும் வெறுமனே வேகணும். பேக் பண்ணாத ஃபில்லிங்னா இன்னும் கொஞ்சம் நேரம் விடுங்க. இந்தக் கட்டத்துல எங்கயாவது சின்ன குமிழ் எழும்பினா பதறாதீங்க, ஸ்பூனோட பின்பக்கத்தால சூட்டோடவே மெல்ல அமுக்கிட்டா படிஞ்சிடும், ஆறினப்புறம் அமுக்கினா உடையும்.

ஃபோர்க்கால குத்துறது ஆவி வெளியேற வழி விடுது, சரிதான், ஆனா குத்தினாச்சேன்னு வெயிட்ட விட முடியாது, ஓரத்த அது எப்படிப் பிடிக்கும்? ஃபில்லிங் தண்ணியா இருந்தா அந்த ஓட்டை வழியாவே கசியும். அப்படி ஃபில்லிங்னா, வெயிட்ட எடுத்து அடி வெந்ததும் அடிச்ச முட்டைய லேசா தடவி 2 நிமிஷம் ஓவன்ல வச்சா ஓட்டை அடைஞ்சிடும். உருட்டி மிஞ்சின மாவுல ஒரு எலுமிச்சை அளவு ஃப்ரிட்ஜ்லயே வச்சுக்குங்க, விரிசல் விட்டா அதக் கொஞ்சம் கிள்ளி நிரவி விடலாம், நான் ரெண்டு தடவை அத வச்சுதான் தப்பிச்சேன்.