அடுத்த மாத விலை கூடுதலா? அது ஆரூடம் அல்ல

பின்னொரு தேதியில் ஒப்படைக்கும் சரக்குக்கு இன்றே விலை பேசி ஒப்பந்தம் போடும் முன்பேரச் சந்தையில் தங்கத்தின் விலை இன்றைய கடை விலையைவிடக் கூடுதலாக இருந்தால், "விலை ஏறப்போகிறது" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வட்டிக் கணக்குதான். 1,00,000 ரூபாய்த் தங்கத்தை இன்று வாங்கி இரண்டு மாதம் வைத்திருந்தால், ஆண்டுக்கு 6 சதவீத வட்டியில் 1,000 ரூபாய் செலவு. ஆகவே இரண்டு மாத ஒப்பந்தம் 1,01,000 ரூபாய்க்கு அருகில் நிற்கும். தொலைமாத விலை இப்படிக் கூடுதலாக நிற்பதுதான் காண்டாங்கோ.

கச்சா எண்ணெயில் கிடங்கு வாடகையும் சேரும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் ரகமான டபிள்யூ.டி.ஐ.யின் மே ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஜூன் ஒப்பந்தமோ 20 டாலருக்குச் சற்று மேல். எண்ணெயை ஒப்படைக்கும் இடமான குஷிங்கில் தொட்டி கிடைக்காததால், மே ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் காசு கொடுத்தே அதைக் கைகழுவினார்கள்.

சரக்கு இன்றே தேவை, கையிருப்போ குறைவு என்றால் நிலைமை தலைகீழாகும்: உடனடி விலை உயர்ந்து, தொலைமாத விலை தாழ்ந்து நிற்கும். அது பேக்வர்டேஷன். அடுத்த மாதச் சரக்கை இன்றைக்குக் கடன் வாங்க முடியாதே!

ஒப்பந்தத்தை மாதாமாதம் புதுப்பிப்பவர்கள் முதல் இரண்டு மாத விலைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். காண்டாங்கோவில் எண்ணெயின் உடனடி விலை 40 டாலரிலேயே அசையாமல் நின்றாலும், 42 டாலருக்கு வாங்கிய அடுத்த மாத ஒப்பந்தம் முடிவில் 40க்கு இறங்கிவிடும். சந்தை விழாமலே பீப்பாய்க்கு 2 டாலர் போய்விடும்.