மீட்டரில் கைவைத்ததாக வரும் பில்: முதல் கடிதத்திலேயே தோற்றுப்போவது எப்படி

போன மாதம் ஒரு தம்பி கோப்போடு வந்தான். சின்ன லேத் பட்டறை, மூன்று பேஸ் இணைப்பு. மீட்டரைத் திருத்தி மின்சாரம் எடுத்ததாகச் சொல்லி, பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டு இரண்டு லட்சம் ரூபாய்க்கு ஆணை வந்திருந்தது. "பதில் ஏதாவது கொடுத்தியா?" என்று கேட்டேன். "கொடுத்துட்டேன் அண்ணா, தெரியாம நடந்துடுச்சு, தவணை கொடுங்கன்னு எழுதிக் கொடுத்துட்டேன்" என்றான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் என் பட்டறைக்கு இப்படி ஒரு ஆணை வந்தபோது நானும் இதையேதான் எழுதினேன். இன்றுவரை என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதே கடிதத்தோடுதான் வருகிறார்கள். கெடு தேதியைத் தவறவிடுவது, ரசீதைத் தொலைப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்த தவறுகள். அவற்றை விட்டுவிட்டு, தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

எந்தப் பிரிவு என்று பார்க்காமல் பதில் எழுதுவது

மீட்டர் சரியாக ஓடவில்லை என்றால் மூன்று வழிகளில் கேள்வி வரலாம். யாரும் தொடாமல் மீட்டர் தானாகப் பழுதாகியிருந்தால் அது பழுதான மீட்டர் கணக்கு. சாதாரணக் கட்டணம்தான், குறைதீர்க்கும் மன்றத்துக்கும் போகலாம். 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் வந்தால் அது அங்கீகாரமற்ற பயன்பாடு. கட்டணம் இரட்டிப்பு. 135-வது பிரிவில் வந்தால் அது திருட்டு. இணைப்பு உடனே துண்டிக்கப்படும், காவல்துறையில் புகார் போகும், சிறப்பு நீதிமன்றம் வரும்.

திருத்தப்பட்ட மீட்டர் 126, 135 இரண்டிலும் இடம்பெற்றிருக்கிறது. வித்தியாசம் எண்ணத்தில் இருக்கிறது. 135-க்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும், 126-க்கு அது தேவையில்லை. ஒடிசாவின் சீதாராம் அரிசி ஆலை வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆணையின் தலைப்பிலேயே பிரிவு எண் இருக்கும். எண்ணே இல்லாமல், அல்லது இரண்டு எண்களையும் சேர்த்து எழுதி ஆணை வந்தால், உங்கள் முதல் ஆட்சேபணையே அதுதான்: எந்தப் பிரிவின் கீழ், எந்தச் செயலுக்காக என்று எழுத்தில் கேளுங்கள்.

கருணை மனு

இதைப் பற்றி நீளமாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அதிகம் பணம் போவது இங்கேதான்.

126-ல் முதலில் வருவது தற்காலிக மதிப்பீட்டு ஆணை. அதற்கு ஆட்சேபணை சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. மதிப்பீட்டு அதிகாரி உங்கள் தரப்பைக் கேட்டு, ஆணை உங்கள் கைக்கு வந்த 30 நாளுக்குள் இறுதி ஆணை போட வேண்டும். அதே பிரிவில், மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டு ஏழு நாளுக்குள் பணம் கட்டலாம் என்றும் இருக்கிறது. நம் ஆட்கள் இந்த ஏழு நாளை மட்டும் படிக்கிறார்கள். ஏழு நாளில் கட்டாவிட்டால் இணைப்பு போய்விடும் என்று பயந்து, அலுவலக வாசலில் தட்டச்சு செய்து தருகிறவரிடம் போகிறார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அடித்துத் தருகிறார்: 'அறியாமல் நடந்த தவறை மன்னித்து, அபராதத்தைக் குறைத்து, தவணை முறையில் செலுத்த அனுமதி வேண்டுகிறேன்.'

அந்த ஒரு வரி என்னவெல்லாம் செய்கிறது என்று பாருங்கள். 'நடந்த தவறு' என்றதும் மீட்டர் திருத்தப்பட்டது என்பதை நீங்களே எழுதிக் கொடுத்தாயிற்று. இனி அவர்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. 'அறியாமல்' என்பது 126-ல் உங்களைக் காப்பாற்றாது, ஏனென்றால் அங்கே எண்ணம் கேள்வியே இல்லை. 'தவணை' என்றதும் தொகையையும் ஒப்புக்கொண்டாயிற்று. இரு தரப்புச் சம்மதத்தோடு போடப்பட்ட இறுதி ஆணைக்கு மேல்முறையீடு கிடையாது என்று 127-வது பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு சொல்கிறது. உங்கள் கடிதத்தைக் காட்டி, இது சம்மதத்தோடு போட்ட ஆணை என்பார்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். மீட்டர் சீல் ஒன்றுகூட உடையவில்லை என்று, ஆய்வு நாளில் அதிகாரிகள் கண்டதைப் பதிவு செய்யும் மகஜரிலேயே எழுதியிருந்ததை நான் அதற்கப்புறம்தான் கவனித்தேன். யாரும் கேட்கவில்லை. முழுத் தொகையையும் கட்டினேன்.

இணைப்பைத் திரும்பப் பெற பணம் கட்டியே ஆகவேண்டிய நிலை வரலாம். 135-ல் துண்டித்திருந்தால், மதிப்பிட்ட தொகையைக் கட்டியபின் 48 மணி நேரத்துக்குள் இணைப்பு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கட்டுங்கள், ஆனால் அதோடு ஒரு கடிதமும் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்குங்கள்: 'குற்றச்சாட்டையும் மதிப்பீட்டையும் மறுக்கிறேன். இணைப்பைப் பெறுவதற்காக மட்டும், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் செலுத்துகிறேன்.'

அப்படியானால் என்ன எழுதுவது?

இன்னொரு பட்டறைக்காரரின் கோப்பை வைத்துச் சொல்கிறேன். எண்களைச் சுலபமாக்கியிருக்கிறேன். ஒரு யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் நடுவில் ஆய்வு நடந்தது. ஒரு பேஸ் மீட்டரில் பதிவாகவில்லை என்று கண்டார்கள். மதிப்பீடு இப்படி வந்தது: இணைந்த சுமை 12 கிலோவாட், மாதம் 26 நாள், தினம் 10 மணி நேரம், முழுச் சுமையும் எப்போதும் ஓடாது என்பதற்காகப் பெருக்கும் காரணி 0.6. பெருக்கினால் மாதம் 1,872 யூனிட், பன்னிரண்டு மாதத்துக்கு 22,464. அதில் மீட்டர் காட்டிய 10,050 யூனிட்டைக் கழித்தால் மீதி 12,414. இரட்டைக் கட்டணத்தில் 1,98,624 ரூபாய்.

அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. மூன்று விஷயங்களை மட்டும் எழுத்தில் கேட்டார்.

முதலாவது, சீல். மீட்டர் பொருத்திய நாளில் எழுதிய சீல் எண்கள் என்ன, ஆய்வு நாளில் இருந்த எண்கள் என்ன? இரண்டும் ஒன்றாக, உடையாமல் இருந்தால், மீட்டரை யார் திறந்தார்கள்? டெர்மினலில் ஒயர் தளர்ந்தாலோ கருகினாலோ கூட ஒரு பேஸ் பதிவாகாமல் போகும். அது திருத்தம் ஆகாது.

இரண்டாவது, மீட்டர் போன வழி. கழற்றிய மீட்டரை அவர் முன்னிலையில் பையில் போட்டு, சீல் வைத்து, அவர் கையெழுத்தோடு எடுத்துப் போனார்களா? ஆய்வகத்தில் திறந்த நாளை முன்கூட்டியே அவருக்குச் சொன்னார்களா? வெறும் கையில் தூக்கிப்போய் பல நாள் கழித்து யாரும் இல்லாதபோது திறந்த மீட்டருக்குள் என்ன இருந்தது என்பதை நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவது, மீட்டரின் நினைவகம். இப்போதைய மின்னணு மீட்டர்கள் பேஸ் விட்டுப்போனது, மின்னோட்டம் திரும்பியது, காந்தம் வைத்தது, மூடி திறந்தது போன்றவற்றைத் தேதி நேரத்தோடு பதிவு செய்கின்றன. அந்தப் பதிவின் நகலைக் கேட்டார். இதுதான் கோப்பைத் திருப்பியது. 126-வது பிரிவின்படி, எவ்வளவு காலம் நடந்தது என்று தெரிந்தால் அந்தக் காலத்துக்குத்தான் கணக்கு. தெரியாதபோதுதான் ஆய்வு நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதம். அது உச்ச வரம்பு. எல்லாக் கோப்பிலும் பன்னிரண்டைப் போட்டுவிட்டு, யாரும் கேட்காததால் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

பதிவைப் பார்த்தால், பேஸ் விட்டுப்போனது ஏப்ரல் முதல் வாரத்தில். அதாவது இரண்டரை மாதம். பில்களும் அதையே சொல்லின. அதற்கு முன்பு மாதம் சராசரி 900 யூனிட், பிறகு 600. மூன்றில் ஒரு பேஸ் போனால் மூன்றில் ஒரு பங்கு குறைவது கணக்குக்குப் பொருந்துகிறது. விடுபட்டது மாதம் 300, மொத்தம் 750 யூனிட். இரட்டைக் கட்டணத்திலேயே போட்டாலும் 12,000 ரூபாய். இறுதி ஆணை அந்தத் தொகைக்குத்தான் வந்தது. ஒயர் தளர்ந்ததுதான் காரணம் என்ற வாதத்தை ஏற்கவில்லை. அதற்கு மேலே போயிருக்கலாம், 12,000 ரூபாய்க்கு அலைய வேண்டாம் என்று அவரே கட்டிவிட்டார்.

பதிவைக் கேட்க தகவல் உரிமைச் சட்ட மனுவை மட்டும் நம்பாதீர்கள். அதற்கு 30 நாள் ஆகலாம், அதற்குள் இறுதி ஆணை வந்துவிடும். ஆட்சேபணைக் கடிதத்திலேயே கேளுங்கள், நகல் கிடைத்தபின் நேரில் விசாரிக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். மனுவைக் கூடுதலாகப் போட்டு வையுங்கள்.

மகஜரில் கையெழுத்துப் போட மறுப்பது

மறுத்தால் 'கையொப்பமிட மறுத்தார்' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள், நகலும் கிடைக்காது. கையெழுத்துக்கு மேலே 'நகல் பெற்றேன், கண்டறிந்ததை ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதிப் போடுங்கள். அதற்கு முன் சீல்களையும் மீட்டரையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

உதவாத ஆட்சேபணைகள்

ஆணை இறந்துபோன அப்பா பெயரில் வந்திருக்கிறது என்பதைப் பெரிய வாதமாக எழுதுவார்கள். இடத்தை அனுபவிக்கிறவருக்கோ பொறுப்பில் இருக்கிறவருக்கோ ஆணையைக் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. சூரியன் மறைந்த பிறகு சோதனை கூடாது என்பதும் வீடுகளுக்கான பாதுகாப்பு, பட்டறைக்கு இல்லை.

மீட்டருக்குள் உண்மையிலேயே வேறு ஒயர் வைத்துப் பற்றவைத்திருந்தால், நடைமுறை ஆட்சேபணைகள் அதை மறைக்காது. காலத்தையும் கணக்கையும் சரியான அளவுக்குக் கொண்டுவர மட்டும் அவை உதவும்.

சமரசத் தொகை கட்டினால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது

முடியாது. 152-வது பிரிவின் கீழ் கட்டும் இந்தத் தொகை திருட்டுக் குற்ற வழக்கை மட்டும் முடிக்கும், மதிப்பீட்டுத் தொகை தனியாக நிற்கும்.

தவறான கதவு

126-க்கு நுகர்வோர் நீதிமன்றம் கிடையாது. அனீஸ் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. உரிமையியல் நீதிமன்றத்தை 145-வது பிரிவு தடுக்கிறது.

மேல்முறையீட்டுக்குப் பணம் ஒதுக்காமல் இருப்பது

இறுதி ஆணை வந்து 30 நாளுக்குள் போக வேண்டும், மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்டிய பிறகே மனுவை எடுத்துக்கொள்வார்கள். முழுத் தொகையைக் கட்டாமல் நாளைக் கடத்தினால் ஆண்டுக்கு 16 சதவீத வட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டு வட்டியாக ஏறும்.

அந்தத் தம்பியின் கோப்பில் இறுதி ஆணை இன்னும் வரவில்லை. அதனால் முதல் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகவும், அது சட்டம் தெரியாமல், இணைப்பு போய்விடும் என்ற பயத்தில் கொடுத்தது என்றும், மதிப்பீட்டுக்குச் சம்மதம் இல்லை என்றும் இரண்டாவது கடிதம் எழுதி, சீல் எண்களையும் மீட்டர் பதிவையும் கேட்டு, பதிவுத் தபாலிலும் நேரிலும் கொடுத்திருக்கிறோம். விசாரணை அடுத்த வாரம்.