ஏற்றுக்கொண்ட வேலையில் சேரும் திகதியைத் தள்ளிக் கேட்பது எப்படி

நியமனக் கடிதத்தில் கையொப்பமிட்ட பின்னர் வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால், முதலில் அக்கடிதத்தை மீண்டும் எடுத்துப் படியுங்கள். குறித்த திகதியில் கடமையேற்காவிட்டால் நியமனம் இரத்தாகும் என்ற வரி பல கடிதங்களில் இருக்கும். தனியார் நிறுவனத்தில் இதை மனிதவளப் பிரிவோடு பேசியே தீர்க்கலாம். அரச நியமனமாயின், கடிதத்தில் ஒப்பமிட்ட அதிகாரிக்கே எழுத வேண்டும்; கிளை அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்வது போதாது.

அடுத்தது புதிய திகதி. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். "சில வாரங்கள் தாருங்கள்" என்று கேட்டால், எதிரே இருப்பவர் எதை நம்பி மேசையும் கணினியும் ஒதுக்குவார்? எங்கள் வீட்டில் அம்மா வழுக்கி விழுந்து, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. நான் கொழும்பில் சேர வேண்டிய நாள் ஜூன் 2. தையல் பிரிக்கும் கிளினிக் ஜூன் 12, வியாழக்கிழமை. சின்னம்மா அக்கரைப்பற்றிலிருந்து வந்து பொறுப்பேற்கக்கூடியது அந்த வார இறுதியில். ஆகவே ஜூன் 16, திங்கட்கிழமை என்று ஒரே திகதியைக் கேட்டேன். கிளினிக் கொப்பியில் உள்ள நாளோடு பொருந்தும் திகதிக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

முதலில் தொலைபேசியில் பேசிவிட்டு, அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தியை நான் விரும்புவதில்லை; அது கோப்பில் சேராது. அலுவலக மொழி எதுவாயினும் பொருள் இவ்வளவே:

"தங்கள் நியமனத்தை நான் ஏற்றுக்கொண்டதில் மாற்றமில்லை. தாயாரின் சத்திரசிகிச்சை காரணமாக, ஜூன் 2ஆம் திகதிக்குப் பதிலாக ஜூன் 16ஆம் திகதி கடமையேற்க அனுமதி கோருகிறேன். வைத்தியசாலை ஆவணத்தை வேண்டின் சமர்ப்பிப்பேன். இதற்கு இணக்கமாயின் திருத்திய திகதியை எழுத்தில் அறியத்தரவும்."

முதல் வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், வேறு வேலை கிடைத்து நழுவுகிறார் என்றே எண்ணுவார்கள். நோயின் விபரம் முழுவதையும் எழுதவும் வேண்டாம். கேட்டால் மட்டும் டயக்னோசிஸ் கார்டின் பிரதியைக் கொடுக்கலாம்.

"பார்ப்போம்" என்ற பதில் அனுமதியாகாது. புதிய திகதி எழுத்தில் வரும்வரை பழைய திகதியே நடைமுறையில் உள்ளது. இரண்டு வேலை நாட்களில் பதில் வராவிட்டால், அதே மின்னஞ்சலுக்குக் கீழே சுருக்கமாக நினைவூட்டுங்கள்.

பிற்சேர்க்கை: கல்முனை வாசகி ஒருவருக்குப் பயிற்சி அணியோடு சேர்த்தே நியமனம் கிடைத்திருந்தது, இடையில் சேர வழியில்லை என்று மறுத்துவிட்டார்கள். அணியாக ஆள் எடுக்கும் இடங்களில் கிழமைக்கணக்கில் அவகாசம் கேட்பதால் பயனில்லை. அடுத்த அணி எப்போது தொடங்கும், அதில் தமக்கு இடம் ஒதுக்கித் தருவார்களா என்று கேட்டு, அதற்கான உறுதியை எழுத்தில் பெற வேண்டும்.